உமி எரிக்கும் அரிசி ஆலைக்குக் கார்பன் கணக்கு

“அம்பாசமுத்திரம் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். பாய்லருக்கு உமி, கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர். வருடத்துக்கு எவ்வளவு கார்பன் வெளியேறுகிறது என்று அரிசி வாங்கும் கம்பெனி கேட்கிறது. எப்படிக் கணக்குப் போடுவது?”

எரித்த எரிபொருளின் அளவை அதற்குரிய உமிழ்வுக் காரணியால், அதாவது ஒரு லிட்டரோ ஒரு டன்னோ எரிந்தால் எவ்வளவு வெளியேறும் என்ற எண்ணால், பெருக்கினால் விடை வந்துவிடும். சிக்கல் பெருக்கலில் இல்லை, அளவில்தான்.

டீசலை முதலில் பார்ப்போம். பில்லில் இருப்பது வாங்கிய அளவு, எரித்த அளவு அல்ல. ஏப்ரல் 1 அன்று பீப்பாயில் 400 லிட்டர், வருடத்தில் வாங்கியது 6,200, மார்ச் கடைசியில் மிச்சம் 600 என்று வைத்துக்கொள்வோம். எரிந்தது 6,000 லிட்டர். ஒரு லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக 16,080 கிலோ, அதாவது 16.1 டன்.

உமியை யாரும் எடை போடுவதில்லை. போட்டாலும் ஐப்பசி மழையில் நனைந்த குவியலில் தண்ணீரையும் சேர்த்தே நிறுப்பீர்கள். அதனால் அரைத்த நெல்லின் எடையிலிருந்து உமியைக் கணக்கிடுவது நல்லது. நெல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. கார், பிசானம் இரண்டு போகமும் சேர்த்து 2,500 டன் நெல் அரைத்தால் 500 டன் உமி. செங்கல் சூளைக்கு 100 டன் விற்றிருந்தால், உங்கள் பாய்லரில் எரிந்தது 400 டன்.

பலர் தடுமாறுவது இங்கேதான். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் பொதுக் காரணிப்படி ஒரு டன் உமிக்கு 1.16 டன் கார்பன் டை ஆக்சைடு. 400 டன்னுக்கு 464 டன். ஆனால் அது நெற்பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதான். ஆகவே மொத்தத்தில் சேர்க்காமல் தனி வரியில் காட்ட வேண்டும். அதற்காக உமியைப் பூஜ்யம் என்று எழுதிவிடவும் கூடாது. எரியும்போது கொஞ்சம் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியேறுகின்றன. இரண்டையும் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக மாற்றினால் டன்னுக்குச் சுமார் 22 கிலோ. 400 டன்னுக்கு 8.8 டன். இது மொத்தத்தில் சேரும்.

சரி, ஆலையில் நேரடியாக எரித்ததற்கான கணக்கு: 16.1 + 8.8 = 24.9 டன். அதன் கீழே, உமியின் 464 டன் தனியாக. இரண்டையும் கூட்டி 489 என்று எழுதிக் கொடுத்தால், ஆலை நிலக்கரியில் ஓடுகிறதோ என்று நினைப்பார்கள். மின்வாரியக் கரண்ட் மறைமுக உமிழ்வு. பில் யூனிட்டை மத்திய மின்சார ஆணையம் அந்தந்த ஆண்டுக்கு வெளியிடும் காரணியால் பெருக்கி, அதையும் வேறு வரியில் போடுங்கள்.

அனுப்பும் முன் டீசலை ஒருமுறை சரிபாருங்கள். ஜெனரேட்டர் ஓரளவு நல்ல லோடில் ஓடினால் லிட்டருக்கு 3 யூனிட்டுக்கு மேல் தரும். அதன் மீட்டரில் 19,000 யூனிட் இருந்தால் 6,000 லிட்டர் பொருந்துகிறது. 10,000 தான் என்றால், ஒன்று குறைந்த லோடில் ஓடுகிறது, இல்லை பீப்பாயிலிருந்து லாரிக்கும் ஊற்றுகிறார்கள். ஆலையின் சொந்த லாரி என்றால் அந்த டீசலும் உங்கள் கணக்கில்தான் வரும், ஆனால் வாகனம் என்ற தலைப்பில்.