தாக்கினால் யார் வருவார்கள், யார் உத்தரவிடுவார்கள்? ராணுவக் கூட்டணிகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஒரு நேட்டோ நாட்டைத் தாக்கினால் மற்ற எல்லா நாடுகளும் தானாகவே போரில் இறங்கிவிடும் என்கிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படியா இருக்கிறது?

இல்லை. நேட்டோவை உருவாக்கிய, 1949-இல் கையெழுத்தான வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவை எடுத்துப் படித்தால் தெரியும். ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ ஓர் உறுப்பு நாட்டின்மீது நடக்கும் ஆயுதத் தாக்குதல், எல்லோர்மீதும் நடந்த தாக்குதலாகக் கருதப்படும் என்று அது தொடங்குகிறது. மேடையில் மேற்கோள் காட்டுபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். கடமை என்னவென்று சொல்வது அதற்கு அடுத்த பகுதி. ஒவ்வொரு நாடும் 'தான் அவசியமெனக் கருதும் நடவடிக்கையை' உடனே எடுத்து, தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவ வேண்டும். ஆயுதப் படையைப் பயன்படுத்துவதும் அந்த நடவடிக்கைகளில் ஒன்றாக இருக்கலாம். ஆக, உதவுவது கட்டாயம். எப்படி, எவ்வளவு என்பது அந்தந்த அரசின் முடிவு. ஒரு நாடு போர் விமானம் அனுப்பலாம், இன்னொன்று மருத்துவமனைக் கப்பலோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டுமே ஒப்பந்தத்துக்கு உட்பட்டவைதான்.

இந்தத் தளர்வு தெரிந்தே வைக்கப்பட்டது. போர் அறிவிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சாசனம் நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அதை ஓர் ஒப்பந்தம் பறிப்பதுபோல் இருந்தால் செனட் ஒப்புக்கொள்ளாது. எனவேதான் 11-ஆவது பிரிவும் சேர்ந்தது: உறுப்பு நாடுகள் தங்கள் தங்கள் அரசியல் சாசன நடைமுறைப்படியே ஒப்பந்தத்தை நிறைவேற்றும்.

வாசகத்தின் கடுமையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 42(7) பிரிவு நேட்டோவைவிட அழுத்தமானது. 'தங்களால் இயன்ற எல்லா வழிகளிலும்' உதவ வேண்டும் என்கிறது. 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதல்களுக்குப் பிறகு பிரான்ஸ் அதைப் பயன்படுத்தியது. ஆனால் நேட்டோவிடம் இருப்பதுபோல் நிரந்தரப் படைத் தலைமையகமோ, தயாராக எழுதிவைத்த பாதுகாப்புத் திட்டங்களோ அந்தப் பிரிவுக்குப் பின்னால் இல்லை. பிரான்ஸ் ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே பேசித்தான் உதவி பெற்றது.

கேள்வி: 5-ஆவது பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தப்பட்டதாமே? அப்போது நடைமுறையில் என்ன நடந்தது?

ஆம், 2001-இல். செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாளே நேட்டோ மன்றம் கூடியது. ஆனால் அன்று எடுத்தது நிபந்தனையோடு கூடிய முடிவு: தாக்குதல் வெளிநாட்டிலிருந்து நடத்தப்பட்டது என்று உறுதியானால் 5-ஆவது பிரிவு பொருந்தும் என்றார்கள். அமெரிக்கத் தரப்பு ஆதாரங்களை விளக்கிய பிறகு, அக்டோபர் 2 அன்று அந்த நிபந்தனை நீங்கியது. தாக்கியது யார் என்று தெரியாத நிலையில் இந்த மூன்று வார இடைவெளி தவிர்க்க முடியாதது. எல்லையில் டாங்கிகள் வந்து நின்றால் இந்தக் கேள்வியே எழாது. அடையாளமில்லாத படையினர், இணையவழித் தாக்குதல், நாசவேலை என்று வரும்போது கூட்டணி முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

அக்டோபர் 4 அன்று எட்டு நடவடிக்கைகள் ஏற்கப்பட்டன. உளவுத் தகவல் பகிர்வு, நட்பு நாடுகளின் வான்வழியில் பறக்க அனுமதி, துறைமுகங்களையும் விமான தளங்களையும் பயன்படுத்த அனுமதி, கிழக்கு மத்தியதரைக் கடலுக்குக் கப்பல்கள், அமெரிக்க வானத்தைக் கண்காணிக்க அவாக்ஸ் ரேடார் விமானங்கள் என்று போகிறது பட்டியல். அந்த விமானங்கள் 2002 மே வரை அமெரிக்காவின் மேல் பறந்தன. ஐரோப்பாவைக் காக்க அமெரிக்கா வரும் என்று எழுதிய பிரிவு, முதன்முதலில் எதிர்த்திசையில் வேலை செய்தது.

அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தானில் தொடங்கிய போரை அமெரிக்கா தன் தலைமையில்தான் நடத்தியது. நேட்டோவின் கட்டளை அமைப்பு அதை நடத்தவில்லை. பிரிவு அமலுக்கு வருவது வேறு, போரைக் கூட்டணி நடத்துவது வேறு. செய்திகளில் இரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன.

கேள்வி: ஒரு நாடு மட்டும் எதிர்த்தால் நேட்டோ முடிவெடுக்க முடியாதா? வாக்கெடுப்பு உண்டா?

வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. நடைமுறையில் இதற்கு 'மௌன முறை' என்று ஒரு வழி இருக்கிறது. வரைவு ஒன்றை எல்லாத் தலைநகரங்களுக்கும் அனுப்பி, இன்ன நாள் இன்ன மணி வரை என்று கெடு வைப்பார்கள். அதற்குள் யாரும் எழுத்தில் மறுக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகிவிடும். உற்சாகமில்லாத ஓர் அரசு 'ஆம்' என்று சொல்லாமலே ஒதுங்கிக்கொள்ள இது வசதி. மறுத்தால் மௌனம் கலைந்தது என்பார்கள்; பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

2003-இல் நடந்தது நல்ல உதாரணம். இராக் போர் நெருங்கியபோது, பக்கத்து நாடான துருக்கியின் பாதுகாப்புக்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. திட்டமிட ஒப்புக்கொண்டாலே போரை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றும் நினைத்தன. பிப்ரவரி 10 அன்று மௌனம் கலைந்தது. உடனே துருக்கி 4-ஆவது பிரிவை எடுத்தது. தன் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் இருப்பதாக ஓர் உறுப்பு நாடு கருதினால் எல்லோரும் கலந்து பேச வேண்டும் என்பது அந்தப் பிரிவு. அதிலும் முட்டுக்கட்டை நீங்கவில்லை. கடைசியில், விவகாரத்தை நேட்டோவின் பாதுகாப்புத் திட்டக் குழுவுக்கு மாற்றினார்கள். 1966-இல் ஒருங்கிணைந்த கட்டளை அமைப்பிலிருந்து விலகிய பிரான்சுக்கு அந்தக் குழுவில் இடமில்லை. ஜெர்மனியும் பெல்ஜியமும் இறங்கிவர, பிப்ரவரி 16 அன்று முடிவு வந்தது. பேட்ரியட் ஏவுகணைகளும் அவாக்ஸ் விமானங்களும் துருக்கிக்குப் போயின.

இன்று அந்தப் பக்கவாசலும் இல்லை. 2009-இல் பிரான்ஸ் கட்டளை அமைப்புக்குத் திரும்பியது; 2010-இல் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது.

கேள்வி: 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது நேட்டோ ஏன் பிரிட்டனுக்காகப் போகவில்லை?

6-ஆவது பிரிவு எல்லை போட்டிருக்கிறது. உறுப்பு நாடுகளின் தீவுகள் என்றால் வட அட்லாண்டிக்கில், கடக ரேகைக்கு வடக்கே இருக்க வேண்டும். ஃபாக்லாந்து தென் அட்லாண்டிக்கில் இருக்கிறது. இதே காரணத்தால் அமெரிக்காவின் ஹவாய் மாநிலமும் 5-ஆவது பிரிவின் வரம்புக்கு வெளியேதான். எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் வாக்குறுதிக்கு முன்பு வரைபடத்தைப் பாருங்கள். 1960-இன் அமெரிக்க-ஜப்பான் ஒப்பந்தம் 'ஜப்பானின் நிர்வாகத்தில் உள்ள பகுதிகள்' என்று எழுதியிருக்கிறது. சீனா உரிமை கோரும் சென்காகு தீவுகள் யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் நிலைப்பாடு எடுக்காமலேயே, அவை ஒப்பந்தத்துக்குள் அடங்கும் என்று அமெரிக்கா சொல்ல முடிவது இந்த வாசகத்தால்தான்.

கேள்வி: கூட்டுப்படை என்றால் ஓர் அமெரிக்கத் தளபதி வேறு நாட்டு வீரர்களுக்கு உத்தரவிட முடியுமா? அவர்கள் மறுத்தால்?

உத்தரவிட முடியும், ஓர் எல்லைக்குள். ஒரு நாடு தன் படைமீது வைத்திருக்கும் முழு அதிகாரம், அதாவது பதவி உயர்வு, தண்டனை, திரும்ப அழைத்துக்கொள்வது எல்லாம், எந்தக் கூட்டணித் தளபதிக்கும் போவதில்லை. கொடுக்கப்படுவது அதில் ஒரு துண்டு. பெரும்பாலும் அது 'செயல்பாட்டுக் கட்டுப்பாடு' எனப்படும்: குறிப்பிட்ட பணி, இடம், காலம் ஆகியவற்றுக்குள் அந்தப் படைப்பிரிவை நகர்த்தும் உரிமை. பட்டாலியனைப் பிரித்துத் துண்டு துண்டாக வேறிடம் அனுப்ப அதில் இடமில்லை. சாப்பாடு, எரிபொருள், வெடிமருந்து பொதுவாகச் சொந்த நாட்டின் பொறுப்பு. இதற்கு மேல் ஒவ்வொரு நாடும் கட்டுப்பாடுகள் போடும்: இரவில் பறக்கக் கூடாது, இந்த மாகாணத்தைத் தாண்டக் கூடாது என்பதுபோல. ஆப்கானிஸ்தானில் நேட்டோ தளபதிகளுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது இந்தக் கட்டுப்பாடுகள்தான். வரைபடத்தில் பத்துப் பட்டாலியன் இருக்கும். நெருக்கடியில் நகர்த்தக்கூடியவை எத்தனை என்று தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1999 ஜூன், கொசோவோ. போர் முடிந்து நேட்டோவின் அமைதிப்படை அங்கே நுழையும் நேரம். போஸ்னியாவிலிருந்து கிளம்பிய சுமார் 200 ரஷ்யப் படையினர், நேட்டோ படைக்கு முன்பாகவே பிரிஷ்டினா விமான நிலையத்தை அடைந்துவிட்டார்கள். ரஷ்யா விமானத்தில் மேலும் படை இறக்காதபடி ஓடுபாதையை மறிக்கச் சொன்னார் நேட்டோவின் ஐரோப்பியத் தலைமைத் தளபதி, அமெரிக்க ஜெனரல் வெஸ்லி கிளார்க். களத்தில் இருந்த பிரிட்டிஷ் ஜெனரல் மைக் ஜாக்சன், உங்களுக்காக மூன்றாம் உலகப் போரைத் தொடங்க மாட்டேன் என்று மறுத்து, விஷயத்தை லண்டனுக்குக் கொண்டுபோனார். பிரிட்டிஷ் தலைமை அவர் பக்கம் நின்றது. வாஷிங்டனும் கிளார்க்கை வற்புறுத்தவிடவில்லை. ஓடுபாதை மறிக்கப்படவில்லை. ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா வான்வழியை மறுத்ததால் கூடுதல் ரஷ்யப் படையும் வரவில்லை.

ஜாக்சன் செய்தது கலகம் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் உலகப் போரின்போது, 1918 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷின் கையில் நேச நாட்டுப் படைகளின் போர்த்தந்திர வழிநடத்தலைக் கொடுத்த போவே உடன்பாட்டிலேயே இந்த உரிமை எழுதப்பட்டிருந்தது: ஃபோஷின் உத்தரவால் தன் படைக்கு ஆபத்து என்று கருதும் தளபதி, தன் அரசிடம் முறையிடலாம். அந்த ஏற்பாட்டோடுதான் நேச நாடுகள் அந்தப் போரை வென்றன.

கேள்வி: தென்கொரிய ராணுவம் அமெரிக்க ஜெனரலின் கீழ் இருக்கிறது என்பது உண்மையா?

அமைதிக் காலத்தில் இல்லை; 1994 டிசம்பர் முதல் அந்தக் கட்டுப்பாடு தென்கொரியாவிடமே இருக்கிறது. போர்க்காலத்துக்குத்தான் 1978-இல் தொடங்கிய கூட்டுப்படைத் தலைமையகம். அதன் தளபதி அமெரிக்கர், துணைத் தளபதி தென்கொரியர், இருவருமே நான்கு நட்சத்திர ஜெனரல்கள். நெருக்கடி முற்றி, இரு அரசுகளும் சேர்ந்து தயார்நிலையை உயர்த்தினால்தான் குறிப்பிட்ட தென்கொரியப் படைகள் இந்தத் தலைமையகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும். தளபதி இரு நாட்டு அதிபர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். வாஷிங்டனுக்கு மட்டும் அல்ல. போர்க்காலக் கட்டுப்பாட்டையும் சியோலிடம் ஒப்படைப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். முன்பு தேதி குறித்தார்கள், தள்ளிப்போட்டார்கள். பிறகு தேதியை விட்டுவிட்டு நிபந்தனைகளை வைத்தார்கள்.

சிக்கல் வருவது அமைதிக்கும் போருக்கும் நடுவில். 2010 நவம்பர் 23 அன்று வடகொரியா யோன்பியோங் தீவின்மீது குண்டு வீசியது. நான்கு பேர் இறந்தார்கள். திருப்பி அடிக்கும் முடிவு அமைதிக்காலக் கட்டுப்பாடு உள்ள தென்கொரியாவுடையது. ஆனால் 1953 போர்நிறுத்தத்தைக் காக்கும் ஐ.நா. தளபதியகத்தின் விதிகள், மோதல் பெரிதாகாமல் பார்க்கச் சொல்கின்றன. அந்தத் தளபதியும் கூட்டுப்படைத் தளபதியும் ஒரே அமெரிக்க ஜெனரல்தான். எவ்வளவு அடிக்கலாம், யாரைக் கேட்க வேண்டும் என்ற இழுபறிக்குப் பிறகு, இத்தகைய சிறு தாக்குதல்களுக்கென்றே இரு நாடுகளும் தனித் திட்டம் ஒன்றை எழுதி 2013 மார்ச்சில் கையெழுத்திட்டன. தென்கொரியா முன்னின்று பதிலடி தரும், அமெரிக்கா துணை நிற்கும் என்பது அதன் அடிப்படை.

கேள்வி: நேட்டோவிலிருந்து ஒரு நாட்டை வெளியேற்ற முடியுமா?

வெளியேற்ற ஒப்பந்தத்தில் பிரிவே இல்லை. தானாக விலகலாம்: 13-ஆவது பிரிவுப்படி அமெரிக்க அரசுக்கு அறிவிப்பு கொடுத்து, ஓராண்டு கழித்து வெளியேறலாம். அமெரிக்காவே விலக நினைத்தால் தனக்குத்தானே அறிவிப்பு கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பது வேடிக்கை. அதற்கு 2023 டிசம்பரில் அங்கே ஒரு தடை வந்தது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ, நாடாளுமன்றம் இயற்றும் தனிச் சட்டமோ இல்லாமல் அதிபர் விலகக் கூடாது என்று அந்த ஆண்டு இயற்றிய பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.