ஊஞ்சல் கம்பத்தில் பாரம் தூக்குவது: கயிறு, வாளி, ராட்டினம் பற்றிக் கேள்வி பதில்

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை: ஊஞ்சல் கம்பத்துல கயித்தோட ஒரு முனையைக் கட்டி, மணல் வாளியோட கைப்பிடிக்குள்ள விட்டு, திரும்ப மேலே கொண்டுபோய் கம்பத்து மேல போட்டு கீழே இழுக்கச் சொன்னேன். பாதி பலம் போதும்னு புத்தகத்துல இருக்கு. பிள்ளைங்க, "டீச்சர், கையாலேயே தூக்கிடலாம், இது அதைவிடக் கஷ்டம்"ங்கறாங்க. எங்கே தப்பு?

பதில்: பிள்ளைகள் சொல்வதுதான் சரி, டீச்சர். கயிற்றின் பாதையில் தப்பில்லை. கயிறு திரும்பும் இரண்டு இடங்களிலும் சக்கரம் இல்லை, அதுதான் கோளாறு.

பெயின்ட் அடித்த இரும்புக் குழாயின் மேல் நைலான் கயிறு அரைச் சுற்று உரசிப் போனால், இழுக்கும் பக்கத்தில் பாரப் பக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு பலம் வேண்டும். வாளி 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் ஒரு பக்கக் கயிறு தாங்குவது சுமார் 0.86 கிலோ, இழுக்கும் பக்கம் அதைப் போல இரண்டரை மடங்கு, அதாவது 2.14. இரண்டும் சேர்ந்து 3. அந்த 2.14 மறுபடி கம்பத்தின் மேல் உரசி இறங்கும்போது இன்னொரு இரண்டரை மடங்கு ஆகிறது. கடைசியில் பிள்ளையின் கைக்கு வருவது 5.4 கிலோ. புத்தகம் சொல்லும் ஒன்றரை கிலோ உரசலே இல்லாத சக்கரத்துக்கு உரியது.

கைப்பிடியில் ஒன்று, கம்பத்தில் ஒன்று என இரண்டு ராட்டினம் மாட்டுங்கள். 2 கிலோ அளவில் இழுத்தாலே வாளி எழும். கம்பம் 2 மீட்டர் உயரம் என்றால் 8 மீட்டர் கயிறு வேண்டும். வாளி 30 செ.மீ. ஏற 60 செ.மீ. இழுக்க வேண்டியிருப்பதைப் பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும்.

அதே ஆசிரியை: எங்ககிட்ட தராசு இல்லை. பலத்தை எப்படி அளக்கறது?

பதில்: தண்ணீரால். இழுக்கும் முனையில் காலி வாளியைக் கட்டி, லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. காலி வாளியின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முதலில் ஊகத்தை எழுதிவைத்துவிட்டு ஊற்றினால் நல்ல போட்டியாகும். 3 கிலோ மணலை வெறுங்கம்பத்தின் மேல் நேராகப் போட்ட கயிற்றால் தூக்க 7 லிட்டர் பக்கம் போகும். கம்பத்தில் ஒரு ராட்டினம் போட்டால் மூன்றரைக்குள் எழும்.

கடைசிக் குவளையை மெதுவாக ஊற்றுங்கள். அசையாமல் நிற்கும் கயிற்றை நகர்த்தத் தேவைப்படும் பலம், நகரும் கயிற்றுக்குத் தேவைப்படுவதைவிட அதிகம். அதனால் வாளி அசையாமலே இருந்து திடீரென்று விழும். தண்ணீர் வாளியின் அடி தரையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டாம், காலை அதன் கீழே வைக்கவும் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியின் காது பிய்ந்துவிடும். தகர வாளியே மேல்.

கிணற்றடிக்காரர்: எங்க வீட்டுக் கிணத்துல ஒரே ஒரு ராட்டினந்தான். ஆனா சேந்தறது லேசா இருக்கே. ஒத்தை ராட்டினமே பலத்தைக் குறைக்கும்னுதானே அர்த்தம்?

பதில்: குறைக்காது ஐயா. நீங்கள் கீழ்நோக்கி இழுக்கிறீர்கள், உடம்பின் பாரமும் சேர்ந்து இழுக்கிறது, குனிந்து முதுகால் தூக்க வேண்டியதில்லை. லேசாகத் தோன்றுவது அதனால். சந்தேகமிருந்தால் 25 கிலோ பையனை 35 கிலோ மூட்டையோடு ஒற்றை ராட்டினத்தில் விட்டுப் பாருங்கள். கயிற்றில் தொங்கினாலும் மூட்டை அசையாது. பையனைவிட மூட்டை லேசாக இருந்தால்தான் எழும்.

கல்லூரி மாணவர்: கயித்தைக் கம்பத்துல இன்னும் ரெண்டு மூணு சுத்து சுத்தினா ராட்டினம் கூட்டுன மாதிரிதானே அண்ணா? பலம் கூடும்ல?

பதில்: பாதி சரி தம்பி. பலம் கூடுவது தூக்கும்போது அல்ல, இறக்கும்போது. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் அந்த இரண்டரை மடங்கு பெருகிக்கொண்டே போகும். ஒன்றரைச் சுற்றுக்கு ஏறக்குறைய 15 மடங்கு. 30 கிலோ மூட்டையை இரண்டு கிலோ பிடியில் நிறுத்தி வைக்கலாம், மெல்ல இறக்கலாம். அதே மூட்டையைத் தூக்க நினைத்தால் 450 கிலோ இழுக்க வேண்டும், கயிறுதான் அறும். ஆகவே தூக்க ராட்டினம், இறக்க வெறுங்கம்பம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: என் பொண்ணு 28 கிலோ. வாளியில உட்கார்ந்து தன்னைத்தானே தூக்கிக்கணுமாம். நடக்குமா? கம்பம் தாங்குமா?

பதில்: நடக்கும். ஆனால் வாளி வேண்டாம், ஊஞ்சல் பலகையில் உட்காரட்டும். பலகையைக் கட்டிய கயிறு மேலே ராட்டினத்தைச் சுற்றி அவள் கைக்கே வர வேண்டும். பாரத்தைப் பலகைக் கயிறும் கைக் கயிறுமாகப் பங்கு போட்டுக்கொள்வதால் 15 கிலோ பக்கம் இழுத்தால் எழுந்துவிடுவாள். ராட்டினம் இல்லாமல் வெறுங்கம்பம் என்றால் 20 கிலோ, அந்த வயதுக்கு அது கஷ்டம்.

கம்பத்துக்கு அப்போது வரும் பாரம் அவளுடைய 28 கிலோ மட்டுமே. நீங்கள் தரையில் நின்று அவளை இழுத்தால் அவள் பாரமும் உங்கள் இழுப்பும் சேர்ந்து கம்பத்துக்கு 56 கிலோவுக்கு மேல் போய்விடும். தரையில் புதைத்த பள்ளிக்கூட ஊஞ்சலுக்கு இது பெரிதல்ல. புல்வெளியில் சும்மா நிறுத்திவைக்கும் சட்டத்தில் இதைச் செய்யவே வேண்டாம், சாய்வாக இழுத்தால் சட்டமே கவிழும்.

பலகை மணலுக்கு மேல் 20 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கயிற்றின் வாலை நீங்கள் பிடித்திருங்கள். முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து எடுத்துவிடுங்கள். விளையாட்டுத் திடலில் தொங்கும் கயிறு பிள்ளைகளின் கழுத்துக்கு ஆபத்து.

சீசாப் பிரியர்: கயிறெல்லாம் எதுக்கு? சீசாவுல ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் பையன். 60 கிலோவை 20 கிலோ தூக்கிடும்.

பதில்: தூக்கும், நீங்கள் நடுவிலிருந்து அரை மீட்டரிலும் அவன் ஒன்றரை மீட்டரிலும் உட்கார்ந்தால். ஆனால் அவன் பக்கம் 60 செ.மீ. இறங்கும்போது நீங்கள் 20 செ.மீ.தான் எழுவீர்கள். கணுக்கால் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டுமென்றால் கயிற்றுக்குத்தான் வர வேண்டும்.

கடைக்காரர்: துணிக்கொடிக்கு வாங்கற சின்னச் சக்கரம் போதுமா, சாரத்துல கட்டுற இரும்பு ராட்டினந்தான் வேணுமா?

பதில்: சார ராட்டினம். சக்கரம் பெரிதாகவும் அச்சு ஒல்லியாகவும் இருந்தால்தான் உரசல் தோற்கும். கொடிச் சக்கரம் சின்னது, தடித்த கயிறு பள்ளத்தில் உட்காராமல் பக்கத்தட்டில் தேயும். ராட்டினத்தை ஊஞ்சல் சங்கிலியின் கொக்கியில் மாட்டாமல், கம்பத்தைச் சுற்றித் தனியாக ஒரு கயிற்று வளையம் போட்டுத் தொங்கவிடுங்கள்.

ஆசிரியை மறுபடி: ராட்டினத்துக்குப் பதிலா கம்பத்துல பி.வி.சி. குழாய்த் துண்டை மாட்டிச் சுழல விட்டா?

கல்லூரி மாணவர்: நாங்க செஞ்சோம். கொஞ்ச நேரம் சுத்துச்சு, அப்புறம் ஒரே பிடியா நின்னுடுச்சு.

பதில்: குழாய் தளர்வாகச் சுழலும் வரை வெறுங்கம்பத்தைவிட நன்றாகவே வேலை செய்ய வேண்டும். நின்றுவிட்டால் கயிறு குழாயின் மேல் உரசும், பழைய கதைதான். உங்களுடையது ஏன் நின்றது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பாரத்தில் குழாய் நசுங்கியிருக்கலாம், கம்பத்தின் பெயின்ட் உரிந்து சொரசொரப்பாகியிருக்கலாம். தடிப்பான குழாயில் 15 செ.மீ. வெட்டி, 3 கிலோ மணலுக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று எழுதுங்கள். ஐந்து லிட்டருக்குள் எழுந்தால் குழாய் சுழல்கிறது, ஏழை நெருங்கினால் நின்றுவிட்டது. எண்ணெய் மட்டும் தடவ வேண்டாம், அது கயிறு வழியாகக் கைக்கு வந்துவிடும்.