ரெட் ஆக்சைடு அடிக்கும் முன் வெல்டிங்கைப் பாருங்கள்

"வேளச்சேரியில் எங்கள் மொட்டை மாடியில் இரும்புத் தூண், உத்திரம் வைத்து ஷீட் கூரை போடுகிறோம். வரைபடத்தில் போல்ட் என்று இருக்கிறது. ஃபேப்ரிகேட்டரோ, 'போல்ட் தளர்ந்துவிடும், வெல்டிங்தான் பலம்' என்று சொல்லி, பாதி இணைப்புகளை வெல்டிங் செய்துவிட்டார். நாளை மறுநாள் ரெட் ஆக்சைடு அடிக்கப்போகிறாராம். வெல்டிங் சரியா என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?"

முதலில் அந்த ரெட் ஆக்சைடை நிறுத்துங்கள். பெயின்ட் ஏறிவிட்டால் நல்ல வெல்டிங்கும் மோசமான வெல்டிங்கும் ஒரே நிறம். அவசரப்படுத்துவதற்குக் காரணமே பெரும்பாலும் அதுதான்.

நன்றாகச் செய்த வெல்டிங், போல்ட் இரண்டுமே பலமானவைதான். ஆனால் உங்கள் ஃபேப்ரிகேட்டருக்குக் கூலி பெரும்பாலும் கிலோ கணக்கில் வரும். போல்ட் போட வேண்டுமானால் இரண்டு தகட்டிலும் துளைகள் பொருந்தும்படி ட்ரில் செய்ய வேண்டும். அந்த நேரத்துக்கு எடை ஏறாது. வெல்டிங்கில் ஒரு சுற்றைக் குறைத்தாலும் எடை குறையாது. ஆகவே 'வெல்டிங்தான் பலம்' என்ற வசனம். ஒழுங்காக முறுக்கிய போல்ட் வீட்டுக் கூரையில் அவ்வளவு எளிதில் தளராது. தளர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும், ஸ்பானர் போதும். தளத்தில், சாரத்தில் நின்றுகொண்டு, காற்றில் செய்யும் வெல்டிங்கை நம் விதிமுறையே முழுதாக நம்புவதில்லை. இரும்புக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 விதிமுறையின் கணக்கின்படி பணிமனை வெல்டிங்குக்கு 6 பங்கு பலம் என்றால், அதே அளவு தள வெல்டிங்குக்கு 5 பங்குதான்.

இனி, பார்ப்பது எப்படி? சுத்தியலால் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலே படிந்த கசடை எடுக்கச் சொல்லுங்கள். கசடோடு காட்டினால் பார்க்க மறுத்துவிடுங்கள். தூணின் முகமும் உத்திரத்தின் தகடும் சேரும் மூலையில் வெல்டிங் ஓரளவு தட்டையாக, இரண்டு பக்கமும் இரும்போடு கலந்து முடிய வேண்டும். கயிற்றை ஒட்டவைத்ததுபோல உருண்டு மேலே உட்கார்ந்திருந்தால் அடியில் இரும்பு உருகவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஓரத்தில் தகட்டையே அரித்த பள்ளம் ஓடினால், அங்கே தகடு மெலிந்துவிட்டது. ஊசித் துளைகள் கூட்டமாக இருந்தால் வெல்டிங் ராடு ஈரமாக இருந்திருக்கலாம், அல்லது துருவின் மேலேயே வெல்டிங் செய்திருக்கலாம். வெல்டிங் முடியும் இடத்தில் சிறு குழி இருக்கும். அதில் நட்சத்திரம்போல விரிசல் தெரிந்தால், அதன்மேல் இன்னொரு பூச்சு போட விடாதீர்கள். அரைத்து எடுத்துவிட்டுத்தான் மீண்டும் செய்ய வேண்டும்.

அடுத்து அளவு. வெல்டிங் கேஜ் என்ற சிறு தகடு விலை குறைவுதான், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூலையிலிருந்து இரண்டு தகடுகளின் மேலும் வெல்டிங் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அது காட்டும். வரைபடத்தில் 6 மி.மீ. என்றிருக்க, கேஜ் 4 காட்டினால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய குறுக்கு அளவு. அது 6 மி.மீ.க்கு ஏறத்தாழ 4.2, 4 மி.மீ.க்கு 2.8. ஷீட் கூரையைப் புயல் மேல்நோக்கித்தான் பிடுங்கும். 2016 டிசம்பரில் வர்தா அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தில்லுமுல்லு: தகடுகளுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் அதில் ராடையோ கம்பித் துண்டையோ செருகி மேலே பூசிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும். ஆகவே வெல்டிங் செய்வதற்கு முன்பே, வெறும் இணைப்பைப் பாருங்கள். உள்ளே உருகாமல் விட்டதைப் பின்னர் எந்தக் கண்ணாலும் காண முடியாது. சந்தேகமான இடங்களில் சிவப்புச் சாயச் சோதனை செய்யச் சொல்லலாம். மேற்பரப்பில் திறந்திருக்கும் விரிசலை அது காட்டிவிடும், உள்ளே இருப்பதைக் காட்டாது.

போல்ட்டே போட வேண்டும் என்று நான் சொல்வதில் சதுர பைப் மட்டும் விலக்கு. அதன் சுவர் மெல்லியது. குறுக்கே போல்ட் போட்டு முறுக்கினால் பைப் நசுங்கும், போல்ட் இறுகாது. அதற்காகத் தளத்தில் வெல்டிங் செய்துகொள்ளுங்கள் என்று பொருளில்லை. பைப்பின் முனையில் ஒரு தகட்டைப் பணிமனையிலேயே, கீழே வைத்து, சுற்றிலும் வெல்டிங் செய்து வரச் சொல்லுங்கள். மேலே தகட்டோடு தகட்டைப் போல்ட் போட்டுக்கொள்ளலாம். உத்திரம் ஐ வடிவமாக இருந்து தூண் மட்டும் பைப்பாக இருந்தாலும் இதே வழிதான். தூணின் அடித்தகடும் அப்படியே கீழேயே வெல்டிங் ஆகி வர வேண்டும். 'மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு வீட்டுக்காரர் ஏன் கேஜ் பிடித்துப் பார்க்க வேண்டும்? சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டீர்கள் என்று டேப் வைத்து அளக்க ஆள் வருகிறது. வெல்டிங்கைப் பார்க்க வந்த ஒருவரை நான் கண்டதில்லை. 'என்ஜினீயர் சர்டிஃபிகேட் நானே வாங்கித் தருகிறேன்' என்று இடைத்தரகர் யாராவது வந்தால் ஏமாறாதீர்கள். கையெழுத்திடுபவர் உங்கள் மாடிப்படி ஏறியிருக்கவே மாட்டார்.

ஏற்கெனவே செய்த பாதியைப் பற்றி வரைபடம் போட்டுத் தந்த வடிவமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். போல்ட் இருந்த இடத்தில் வெல்டிங் வந்தால் இணைப்பு விறைத்து, தூணுக்கு அவர் கணக்கில் வைக்காத வளைவு விசை போகலாம். மீதிப் பாதியைப் போல்ட்டிலேயே முடிக்கச் சொல்லுங்கள். துளைகள் ட்ரில் செய்தவையாக இருக்கட்டும். கேஸ் கட்டரால் ஊதிய கோணல் துளைகளை ஏற்காதீர்கள். வரைபடம் 8.8 என்ற பலத் தரத்தைக் கேட்டால் போல்ட் தலையில் அந்த எண் பொறித்திருக்க வேண்டும். முறுக்கிய பிறகு 'பாதுகாப்புக்காக' நட்டின் மேல் ஒரு பொட்டு வெல்டிங் வைக்க வருவார்கள். விடாதீர்கள், அந்தப் போல்ட்டுக்குப் பலம் தந்ததே வெப்பப் பதப்படுத்தல்தான், வெல்டிங் சூடு அதைக் கெடுத்துவிடும்.