மார்ச் 31 – கடிதம்

வணக்கம் அண்ணா,

எம்.எஸ்.டபிள்யூ படித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் நான்கு வருடமாக இருக்கிறேன். கைக்கு 40,000 வருகிறது. திண்டுக்கல் பக்கம் கிராமத்துக் குழந்தைகளுக்கு மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராகக் கூப்பிடுகிறார்கள். எல்லாம் சேர்த்து கன்சாலிடேட்டட் 34,000. ஒரு கம்பெனி சமூகப் பணிக்கென்று தரும் சி.எஸ்.ஆர். பணம், மூன்று வருடத் திட்டம் என்றார்கள். இயக்குநர் மிக எளிமையானவர், பார்த்ததுமே நம்பிக்கை வந்தது. அம்மா வேண்டாம் என்கிறார், வரன் பார்க்கும்போது சொல்லிக்கொள்ள முடியாதாம். மனநிறைவா, பாதுகாப்பா? எதைப் பார்ப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரன் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். அதை நீங்களும் அம்மாவும் பேசிக்கொள்ளுங்கள். மனநிறைவைப் பற்றியும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் நான்கு வருடம் எச்.ஆரில் இருக்கும் ஒருவர் ‘கன்சாலிடேட்டட் 34,000’ என்று காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் எழுந்து வந்திருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். நிறுவனம் கட்டவேண்டிய பி.எஃப். பங்கும் அதற்குள் அடக்கமா என்று கேட்டீர்களா? அடக்கம் என்றால், பி.எஃப். கணக்கிடும் சம்பள உச்சவரம்பான 15,000த்தை வைத்துக் கணக்குப் போட்டாலும் அவர்கள் பங்கு 1,800, உங்கள் பங்கு 1,800. கைக்கு 30,400தான். பி.எஃப். கிடையாது என்றால் அது வேறு கதை. உங்கள் கம்பெனிக்கு நேர்காணலுக்கு வருகிற பையன்கூட இதைக் கேட்டிருப்பான். இது ‘சேவை’ என்பதால் உங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கிறது. அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது.

2005இல் நான் நாகப்பட்டினம் போனேன். சுனாமி முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எந்தத் தெருவில் நின்றாலும் நிறுவனங்களின் ஜீப்புகள், பெயர்ப் பலகைகள். ஃபைபர் படகுகள் தேவைக்கு மேலேயே வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். எனக்கும் ஒருங்கிணைப்பாளர் வேலைதான். நாகைக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் குழந்தைகள் மையம் தொடங்கி, அந்த ஊர்ப் பெண்கள் நால்வரை ஆசிரியைகளாகச் சேர்த்தேன். மாதம் 1,200. அதில் ஒருத்தி சந்தையில் கருவாட்டுக் கடை போட்டுக்கொண்டிருந்தவள். பத்தாவது வரை படித்தவள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பதில் அவளை அடிக்க ஆள் இல்லை. இரண்டு முறை மறுத்தாள். ‘உனக்கு மாதச் சம்பளம் வேண்டாமா?’ என்று நான்தான் பேசிப் பேசி அழைத்துவந்தேன். சந்தையில் அவள் உட்காரும் இடத்தை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

2008 பிப்ரவரியில் அலுவலகத்தில் குசுகுசுவென்று பேச்சு. இயக்குநரிடம் கேட்டால், ‘ரெனியூவலுக்கு புரொபோசல் போயிருக்கிறது, வந்துவிடும்’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவரும் அப்படித்தான் நம்பினார். எளிமையான மனிதர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிடுவார். மார்ச் கடைசியில் கடிதம் வந்தது, மூன்று மாதம் நோ காஸ்ட் எக்ஸ்டென்ஷன் என்று. நாங்கள் எல்லாம் கைதட்டினோம். அப்புறம்தான் கணக்காளர் விளக்கினார். அது புதுப் பணம் இல்லை, மிச்சமிருக்கும் பணத்தைச் செலவழித்து முடிக்க நாள் தருகிறார்கள், அவ்வளவுதான். மிச்சம் இருந்ததோ படகு, வலை தலைப்பில். சம்பளத் தலைப்பு சுத்தமாகத் துடைத்திருந்தது. அதிலிருந்து இதற்கு மாற்ற நன்கொடையாளர் ஒப்பவில்லை.

நன்கொடையாளரோடு போட்ட ஒப்பந்தத்தை அன்றைக்குத்தான் எடுத்துப் பார்த்தேன். என் மேசைக்குப் பின்னாலிருந்த அலமாரியிலேயே இருந்தது. முதல் பக்கத்தில் முடிவுத் தேதி 31.3.2008 என்று தட்டச்சு செய்திருந்தது. மூன்று வருடமாக அதை நான் திறக்கவே இல்லை. எனக்கு நான்கு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. அவளுக்குச் சந்தையில் அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

அதனால்தான் ‘மூன்று வருடத் திட்டம்’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எந்த மூன்று வருடம்? எந்தத் தேதியில் தொடங்கியது? போன வருடம் ஏப்ரலில் தொடங்கியது என்றால், நீங்கள் இந்த அக்டோபரில் சேரும்போது பதினெட்டு மாதம் போயிருக்கும். மீதி பதினெட்டு மாதம்தான் உங்கள் வேலை.

சி.எஸ்.ஆர். பணத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனி ஒவ்வொன்றும் முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். லாபம் இறங்கினால் அந்தத் தொகையும் இறங்கும், சராசரி என்பதால் கொஞ்சம் மெதுவாக இறங்கும். ஒவ்வொரு வருடத் திட்டத்துக்கும் கம்பெனி போர்டின் ஒப்புதல் வேண்டும். ஆகவே ‘மூன்று வருடம்’ என்று வாயால் சொல்வது, ஒப்பந்தத்தில் பல சமயம் ‘ஒரு வருடம், செயல்பாட்டைப் பொறுத்துப் புதுப்பிக்கப்படும்’ என்றுதான் இருக்கும். மார்ச் 31இல் ஒரு தவணை முடிந்து, அறிக்கையும் கணக்கும் போய், அடுத்த தவணை வர ஜூன், ஜூலைகூட ஆகும். நடுவில் உங்கள் சம்பளத்தை யார் தருவது?

நிறுவனத்துக்கென்று சொந்தக் கையிருப்பு இருந்தால் அவர்களே தருவார்கள். அதைத் தெரிந்துகொள்ள இயக்குநரின் முகத்தைப் பார்க்க வேண்டாம், தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள், பேலன்ஸ் ஷீட்டோடு. ஒரு உதாரணத்துக்கு, வங்கியில் 2 கோடி என்று இருக்கிறது. பார்க்கப் பணக்கார நிறுவனம். பொறுப்புகள் பக்கம் போங்கள். செலவாகாத திட்ட நிதி 1 கோடியே 70 லட்சம் என்று இருந்தால், அது நன்கொடையாளர்களின் பணம், சொன்ன தலைப்பில்தான் செலவழிக்க வேண்டும். பொது நிதி 30 லட்சம்தான் அவர்களுடையது. மாதச் சம்பளச் செலவு 15 லட்சம் என்றால் இரண்டு மாதம் தாங்கும். வரவுப் பக்கத்தில் ஒரே கம்பெனி முக்கால்வாசி தருகிறது என்றால், அந்த இரண்டு மாதத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் அதை வாங்க அனுமதிக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எப்போது முடிகிறது என்றும் பார்க்க வேண்டும், அது ஐந்து வருடத்துக்குத்தான். உங்களுக்கு அது இப்போது வேண்டாம்.

ஊதிய உயர்வு இருக்கிறதா என்று அவர்களிடம் பொதுவாகக் கேட்காதீர்கள். ‘இந்தப் பதவிக்கு பட்ஜெட்டில் இரண்டாம் வருடம் என்ன தொகை போட்டிருக்கிறது?’ என்று கேளுங்கள். புரொபோசல் எழுதும்போதே மூன்று வருடத்துக்கும் 34,000 என்று போட்டுவிட்டால், இயக்குநர் மனசு வைத்தாலும் 35,000 தர அவருக்கு இடமில்லை.

இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் பத்து நிமிடத்தில் ஃபைலை எடுத்து வைப்பார்கள். ‘குடும்பம் மாதிரி இருக்கிறோம், இதெல்லாம் எதற்கு?’ என்றால் மதுரைக்கு பஸ் ஏறிவிடுங்கள்.

ஒருவேளை எல்லாம் சரியாக இருந்து சேர்ந்தால், மையங்களுக்கு உள்ளூர்ப் பெண்களை நீங்கள்தான் எடுப்பீர்கள். எடுக்கும் நாளிலேயே முடிவுத் தேதியை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சேர்வதற்கு முன் இன்னொன்று. நீங்கள் உட்காரப்போகும் நாற்காலியில் இதற்கு முன் ஒருவர் இருந்திருப்பார். திட்டம் பாதியில் இருக்கும்போது அவர் போயிருந்தால் அவருடைய போன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏன் போனீர்கள் என்று துருவ வேண்டாம், சங்கடப்படுவார். ஏப்ரல், மே மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் கேளுங்கள்.