ஒரே அச்சில் வார்த்த தொடர்கள்

கேள்வி: ஓடிடி தொடர்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் அடோர்னோ சொன்ன ‘பண்பாட்டுத் தொழில்துறை’ விமர்சனம் இவற்றுக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். கலையும் ஆலைச் சரக்குபோல ஒரே அச்சில் தயாராகிறது என்பதுதான் அந்த விமர்சனம். ஆனால் கதைகள் ஒன்றுபோல இருக்கின்றன என்பது மட்டும் அவருடைய குற்றச்சாட்டு இல்லை. 1941-இல் ஜனரஞ்சக இசையைப் பற்றி எழுதியபோதே அவர் கைவைத்தது வேறு இடத்தில்: ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டினாலும் முழுமைக்கு ஒன்றும் ஆகாது.

இதை நானே சோதித்துப் பார்த்தேன். எட்டு அத்தியாயம் கொண்ட இரண்டு துப்பறியும் தொடர்களை எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் தலைப்பு வருவதற்குள் பிணம் கிடைத்துவிடுகிறது, ஆறாம் அத்தியாயத்தில் அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்கிறார்கள். ஒரு தொடரில் அவர் வீட்டுக்கு வந்து, இறந்துபோன மகளின் அறைக்கதவைத் திறந்து நிற்கிறார். மற்றதில் மகளுக்குப் பதில் தம்பி. இரண்டையும் மனதில் இடம் மாற்றிப் பார்த்தேன். பெயரை மட்டும் திருத்தினால் போதும், அடுத்த காட்சி இடறாமல் ஓடுகிறது. அந்தத் துக்கம் கதைக்குள்ளிருந்து முளைக்கவில்லை, ஆறாம் அத்தியாயத்தில் ஒரு துக்கம் தேவைப்பட்டதால் வந்திருக்கிறது. நல்ல தொடரில் இப்படி ஒரு காட்சியை உருவினால், பின்னால் வரும் ஒரு மௌனத்துக்கே அர்த்தம் போய்விடும்.

சரி, ஒரே அச்சு என்றால் பார்ப்பவருக்குச் சலிக்காதா? அதற்கு அடோர்னோ தந்த பதில்தான் ‘போலித் தனித்தன்மை’. உள்ளே அதே சரக்கு, மேலே ‘உனக்கென்றே செய்தது’ என்ற பூச்சு. நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் தானே விளக்கிய ஒரு விஷயம் இதற்குச் சரியான உதாரணம். காதல் படங்களை விரும்புபவருக்கு ஒரு படத்தின் காதல் ஜோடியை முகப்புப் படமாகக் காட்டுவார்கள். நகைச்சுவை விரும்பிக்கு அதே படத்தில் நடித்த நகைச்சுவை நடிகரின் முகம். மாறுவது படமல்ல, அட்டைதான்.

அடோர்னோ எனக்குப் போதாமல் போகும் இடமும் உண்டு. வாய்பாடு இருந்தாலே கலை இல்லை என்பதுபோல அவர் சில சமயம் பேசுகிறார், ஜாஸைப் பற்றிய அவருடைய தீர்ப்பு அப்படித்தான் தவறிப்போனது. நாட்டார் கதைகளிலும் வாய்பாடு உண்டு. ஆனால் அங்கே சொல்பவர் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து அதை வளைக்கிறார். இங்கே எந்த நிமிடத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்ற கணக்கு, அடுத்த தொடரை எப்படி எடுக்கலாம் என்ற பேச்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அப்புறம், மக்கள் ஏமாறுகிறார்கள் என்று மட்டும் அடோர்னோ சொல்லவில்லை. 1944-இல் சக சிந்தனையாளர் ஹோர்க்ஹைமருடன் எழுதிய கட்டுரையின் முடிவில், நுகர்வோர் இதன் சூட்சுமத்தைக் கண்டுகொண்ட பிறகும் இழுபடுகிறார்கள் என்கிறார். அந்த ஆறாம் அத்தியாயம் ஒரு தொலைபேசி மணியோடு முடிந்தது. கூப்பிடுவது யார் என்று எனக்குத் தெரியும். அடுத்த அத்தியாயம் தானாகத் தொடங்குவதற்குள் நிறுத்த நேரமும் இருந்தது. நான் நிறுத்தவில்லை.