தலைமுடிக் கலர் பிழைத்துவிட்டால் காசைத் திருப்புவதா, மறுபடி செய்து கொடுப்பதா?

கேள்வி: திருகோணமலையில் சிறிய சலூன் நடத்துகிறேன். வெளிர் பழுப்பு நிறம் கேட்ட ஒரு அக்காவுக்கு வேர்ப்பக்கம் செம்பு நிறமாகவும் நுனி கறுப்பாகவும் வந்துவிட்டது. காசைத் திருப்பிக் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: காசைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, அவரைத் தலைமுடி காய்ந்த நிலையில் வாசல் வெளிச்சத்தில் இருத்தி, செம்புப் பட்டையின் அகலத்தை அளந்து பாருங்கள். உச்சந்தலையின் சூட்டினால் வேர்ப்பக்கம் விரைவாக வெளிறியிருந்தால், பட்டை ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் இருக்கும். அதற்குக் கீழே சற்று இருண்ட பழுப்புத் தெரியும். இது கலரை வேரில் முதலில் பூசியதால் வருவது, ஆகவே பொறுப்பு உங்களுடையது. பட்டை ஐந்தாறு சென்ரிமீற்றர் அகலமாக இருந்து, அதன் பின் கோடு கிழித்தாற்போல் கறுப்புத் தொடங்கினால், அங்கே பழைய கறுப்பு டை இருக்கிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாக வளர்வதால், ஏறக்குறைய ஐந்து மாதத்துக்கு முன் அவர் டை பூசியிருக்க வேண்டும். கலரினால் கலரை வெளிறச் செய்ய முடியாது என்பதால்தான் நுனி அசையவில்லை. டை பூசியதை அவர் சொல்லாதிருக்கலாம். ஆனால் தொடங்குமுன் கேட்டு எழுதி வைப்பது நமது வேலை, எழுதி வைக்காவிட்டால் அவரைக் குற்றம் சொல்ல இயலாது.

அடுத்து, ஈரமான ஒரு முடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நீண்டு பழையபடி சுருங்கினால் மறுபடி செய்யலாம். சவ்வுபோல் நீண்டுகொண்டே போனாலோ அறுந்தாலோ அதன்மேல் எந்த இரசாயனமும் வைக்கக்கூடாது. கலருக்கு வாங்கிய காசை முழுமையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தலைத்தோலில் எரிவோ கொப்புளமோ இருந்தாலும் இதுவே முடிவு, வைத்தியரிடமும் அனுப்ப வேண்டும்.

முடி உறுதியாக இருந்தால், பலரும் செய்யத் துணிவதுபோல் நுனிக்கு பிளீச் வைத்து மேற்பகுதியோடு சமப்படுத்த முயலாதீர்கள்; பழைய கறுப்பு சீராக வெளிறாமல் திட்டுத்திட்டாகச் செம்மஞ்சளாகும். மாறாக, செம்பு நிறத்தை அடக்கும் நீலச்சாயல் கொண்ட கரும்பழுப்பை 10 வால்யூம் டெவலப்பரில் கலந்து வேர்ப்பட்டையில் மட்டும் பூசி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை துடைத்துப் பார்த்து, நுனியின் கருமைக்கு அருகில் வந்ததும் கழுவிவிடுங்கள். இதைக் கட்டணமின்றிச் செய்து கொடுங்கள்; ஆனால் கிடைக்கப்போவது கரும்பழுப்புத்தான், அவர் கேட்ட வெளிர் பழுப்பு அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால், அல்லது உங்கள் கதிரையில் மறுபடி இருக்கவே தயங்கினால், காசைக் கொடுத்து அனுப்புவதே சரி. நம்பிக்கையில்லாதவருக்கு எந்த நிறம் வந்தாலும் பிழையாகவே தோன்றும். வெட்டுக்கூலியைத் திருப்பத் தேவையில்லை, அதில் முறைப்பாடு இல்லையே.

மறுபடி செய்தபின் முதல் இரண்டு வாரத்துக்கு நிலாவெளிக் கடலில் தலை நனைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். உப்புத் தண்ணீரும் வெயிலும் புதிய நிறத்தைக் கழற்றினால், செம்பு மறுபடி தலைகாட்டும். அவரும் மறுபடி வருவார்.