எண்ணாமல் கையெழுத்திட்ட கல்லாப் பணத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். மாதச் சம்பளம் 14,000 ரூபாய். காலையில் 5,000 ரூபாய் ஓப்பனிங் கேஷ் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். போன வாரம் கூட்டம் நின்றதால் எண்ணாமலே போட்டுவிட்டேன். இரவு 500 ரூபாய் குறைந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறொருவர் என் கல்லாவில் இருந்தார். சம்பளத்தில் 1,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டதால் நான் கேட்க முடியாதா?

பதில்: கேட்கலாம். உங்கள் கையெழுத்து உங்களுக்கு எதிரான சான்றுதான் என்றாலும், அது முடிவான சான்று அல்ல. ஒருவர் எழுதிக்கொடுத்த ஒப்புதல், ஒப்புக்கொண்ட விஷயத்தை அறுதியாக நிரூபித்துவிடாது என்று 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, பணம் எண்ணப்படாமல் கைமாறியது என்பதை நீங்கள் காட்ட முடியும். ஆனால் காட்டவேண்டிய சுமை உங்கள் மேல் விழுந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சம்பளப் பிடித்தம் குறித்து இப்போது நடைமுறையில் இருப்பது, 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. கணக்குக் காட்டவேண்டிய பணம் குறைந்தால் பிடித்தம் செய்ய அதன் 18ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அந்த இழப்பு தொழிலாளியின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்டதாக இருக்கவேண்டும். ஒரே கல்லாவில், அதுவும் பெரும்பாலான கடைகளில் நடப்பதுபோல் ஒரே பயனர் பெயரில், இருவர் பில் போட்டிருந்தால், குறைந்த 500 ரூபாய் யார் கையில் குறைந்தது என்று நிர்வாகத்தால் எளிதில் சொல்ல முடியாது. உங்கள் வழக்கின் வலுவான இடம் இதுதான் என்பது என் கருத்து.

அடுத்து, 21ஆம் பிரிவின்படி பிடித்தம் உண்மையான இழப்பை மீறக்கூடாது. பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்கவும் வேண்டும். உங்களிடம் விளக்கம் கேட்காமல் பிடித்திருந்தால், அந்த ஒரு காரணத்தாலேயே முழுப் பிடித்தத்தையும் எதிர்க்கலாம். இழப்புக்கு மேல் பிடித்த 500 ரூபாயை அபராதம் என்று அவர்கள் சொல்லக்கூடும். அபராதத்துக்கு 19ஆம் பிரிவு தனி நிபந்தனைகளை வைத்திருக்கிறது; அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் அபராதம் கூடாது என்பதால், 14,000 ரூபாய்க்கு அது 420 ரூபாயைத் தாண்ட வழியில்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இந்தப் பிடித்தம் பொருந்தவில்லை.

இன்றே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். முந்தின இரவு அந்தக் கல்லாவை முடித்த கணக்குத் தாள், ஓப்பனிங் கேஷ் பிரித்துக் கொடுத்த பதிவு, காலையில் பணம் கைமாறிய நேரத்துக்கும் மதிய இடைவேளைக்கும் உரிய கேமரா பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்குமாறு அதில் கேளுங்கள். கேமரா பதிவுகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாக அழிந்துவிடக்கூடும் என்பதால் தாமதிக்கவேண்டாம். பணம் திரும்ப வராவிட்டால், தொழிலாளர் துறையில் ஊதியக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரியிடம் மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். இதற்கிடையில் "பணத்தை நானே எடுத்தேன்" என்றோ "மன்னிக்கவும்" என்றோ எழுதித் தரச் சொன்னால் தராதீர்கள். நம்பி ஒப்படைத்த பணத்தை ஊழியர் கையாடினால் பாரதிய நியாய சட்டத்தின் 316ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நேர்மையற்ற எண்ணம் இல்லாத வெறும் குறைவு அந்தக் குற்றமாகாது என்றாலும், அப்படிப்பட்ட ஒரு கடிதம் அந்த எண்ணத்துக்குச் சான்றாகக் காட்டப்படும்.

இனிமேல் முதல் பில்லுக்கு முன், பணத்தைக் கொடுப்பவர் எதிரிலேயே எண்ணுங்கள். கட்டின் மேலுள்ள சீட்டை நம்பாமல் பின்னைப் பிரித்து எண்ணவேண்டும். 20 நூறு ரூபாய்த் தாள் இருக்கவேண்டிய கட்டில் 15 இருந்தால் அதுவே 500 ரூபாய்க் குறைவு. மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல், 500 ரூபாய்த் தாள் இத்தனை, 100 ரூபாய்த் தாள் இத்தனை, சில்லறை இவ்வளவு என்று பிரித்து எழுதி, இருவரும் நேரத்தோடு கையெழுத்திடுங்கள். குறைந்தால் "எண்ணியதில் 4,500 ரூபாய் மட்டுமே இருந்தது" என்று உள்ளதை எழுதிக் கையெழுத்திடுங்கள். எண்ண நேரமே தரவில்லையென்றால், "எண்ணிப் பார்க்காமல் கட்டாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக்கு மேல் எழுதுங்கள். நோட்டில் எழுத விடாவிட்டால் அதே நேரத்தில் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்புக்கு அதே வாசகத்தை அனுப்புங்கள். மதியம் கல்லாவை மாற்றிக் கொடுக்கும்போதும், திரும்ப வாங்கும்போதும் இதே முறையில் எண்ணிக் கையெழுத்து வாங்கவேண்டும்.